பருவத் தேர்வு வினாப் பகுப்பாய்வு: பாடத்தைக் குறை சொல்லும் முன் கேள்வியைச் சோதியுங்கள்

பருவத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்தி முடித்ததும் நாம் வழக்கமாகப் பார்ப்பது வகுப்புச் சராசரி, தேர்ச்சி விகிதம், முதல் மூன்று இடம். எந்தப் பாடத்தை மறுபடி நடத்த வேண்டும், எந்தக் கேள்வியை அடுத்த முறை கேட்கக் கூடாது என்பதை இவை சொல்வதில்லை. அதைச் சொல்வது வினாப் பகுப்பாய்வு. ஒவ்வொரு கேள்விக்கும் யார் என்ன விடை எழுதினார்கள் என்று எண்ணிப் பார்க்கும் வேலைதான் அது.

இதில் ஒரே ஒரு விஷயத்தை நான் அழுத்திச் சொல்வேன். ஒரு கேள்விக்குப் பலர் தப்பாக எழுதியிருந்தால் அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: விடைக்குறிப்பு தவறு, கேள்வி குழப்பமானது, அல்லது மாணவர்களுக்கு உண்மையிலேயே அந்த இடம் புரியவில்லை. முதல் இரண்டையும் களைந்த பிறகுதான் மூன்றாவதைப் பற்றிப் பேச முடியும். நேராகத் தலைப்புவாரிச் சராசரி போட்டால், நன்றாகப் புரிந்த பாடத்தை மறுபடி நடத்திக்கொண்டிருப்போம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனை வகுப்பு. 40 மாணவர்கள், ஏழாம் வகுப்புக் கணக்குத் தேர்வு, நான்கு தெரிவுகள் கொண்ட 30 ஒரு மதிப்பெண் கேள்விகள், தவறுக்கு மதிப்பெண் கழிப்பு இல்லை. பின்னம், விகிதம், சதவீதம், பரப்பளவு, சராசரி என ஐந்து தலைப்புகள், ஒவ்வொன்றிலும் ஆறு கேள்விகள்.

படி 1: மதிப்பெண்ணை அல்ல, விடையைப் பதியுங்கள்

சரி, தவறு என்று மட்டும் பதிந்தால் பாதித் தகவல் போய்விடும். மாணவர் எந்தத் தவறான விடையைத் தேர்ந்தெடுத்தார் என்பதுதான் பின்னால் நமக்கு வழிகாட்டப்போகிறது. அதனால் தெரிவின் எண்ணையே பதியுங்கள்: 1, 2, 3, 4. விடை எழுதாமல் விட்டிருந்தால் 0, இரண்டு விடைகளைக் குறித்திருந்தால் 9. விசைப்பலகையின் எண் பகுதியிலேயே வேலை முடிந்துவிடும். ஒருவர் வாசிக்க இன்னொருவர் தட்டினால் இன்னும் வேகம், பிழையும் குறைவு.

எக்செல் போன்ற விரிதாளில் முதல் வரிசையில் கேள்வி எண், இரண்டாவதில் தலைப்பு, மூன்றாவதில் சரியான விடை. நான்காவது வரிசை முதல் 43 வரை மாணவர்கள். A நிரலில் பதிவெண், B முதல் AE வரை 30 கேள்விகள். AF4 கட்டத்தில் மொத்த மதிப்பெண்ணுக்கான சூத்திரத்தைப் போட்டு, 43 வரை இழுத்துவிடுங்கள்:

```
=SUMPRODUCT(--(B4:AE4=$B$3:$AE$3))
```

டாலர் குறிகளை விட்டுவிடாதீர்கள். அவை இல்லையென்றால் இழுக்கும்போது விடைக்குறிப்பு வரிசையும் கூடவே நகர்ந்து, எல்லா மொத்தமும் தப்பாகிவிடும். இரண்டு மூன்று தாள்களைக் கையால் கூட்டி ஒப்பிட்டால் இது உடனே தெரிந்துவிடும்.

படி 2: மேல் குழு, கீழ்க் குழு

A4 முதல் AF43 வரை மட்டும் தேர்வு செய்து, AF நிரலின்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். மேலே உள்ள 27 சதவீதத்தினர் மேல் குழு, கீழே உள்ள 27 சதவீதத்தினர் கீழ்க் குழு. இந்த 27 என்ற எண் 1939இல் ட்ரூமன் கெல்லி என்ற அளவியல் அறிஞர் கணக்கிட்டுச் சொன்னது. குழு சிறியதாக இருந்தால் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பளிச்சென்று தெரியும், ஆனால் ஆட்கள் குறைவதால் நம்பகம் குறையும். பெரியதாக இருந்தால் இது தலைகீழாகும். இரண்டும் சமப்படுகிற இடம் 27 சதவீதம். நம் 40 பேரில் அது 10.8, அதாவது 11 பேர்.

எல்லைக்கோட்டில் இரண்டு பேர் ஒரே மதிப்பெண் வாங்கியிருந்தால் யாரை உள்ளே எடுப்பது? யாரை எடுத்தாலும் பெரிய மாற்றம் இராது. பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், பதிவெண் வரிசைப்படி எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: கேள்விக்கு இரண்டு எண்கள்

முதலாவது கடினத்தன்மைக் குறியீடு. மொத்த மாணவர்களில் எத்தனை பங்கு சரியாக எழுதினார்கள் என்பதே அது. பெயர் அப்படி இருந்தாலும் எண் கூடக் கூடக் கேள்வி எளிது: 0.90 என்றால் எளிய கேள்வி, 0.30 என்றால் கடினம். இரண்டாவது பாகுபாட்டுக் குறியீடு. மேல் குழுவில் சரியாக எழுதியவர்களின் எண்ணிக்கையிலிருந்து கீழ்க் குழு எண்ணிக்கையைக் கழித்து, ஒரு குழுவின் அளவால் வகுக்க வேண்டும். நன்றாகப் படித்தவரையும் தடுமாறுகிறவரையும் அந்தக் கேள்வி பிரித்துக் காட்டுகிறதா என்பதை இது சொல்லும்.

B45, B46 கட்டங்களில் இவற்றைப் போட்டு AE வரை இழுங்கள்:

```
=COUNTIF(B$4:B$43,B$3)/40
=(COUNTIF(B$4:B$14,B$3)-COUNTIF(B$33:B$43,B$3))/11
```

அப்புறம் ஒவ்வொரு தெரிவையும் எத்தனை பேர் எடுத்தார்கள் என்பது. A48 முதல் A51 வரை 1, 2, 3, 4 என்று எழுதி B48இல் முதல் சூத்திரம். A53 முதல் A56 வரை மறுபடி அதே எண்கள், B53இல் இரண்டாவது. இரண்டையும் கீழேயும் பக்கவாட்டிலும் இழுத்துவிடுங்கள்:

```
=COUNTIF(B$4:B$14,$A48)
=COUNTIF(B$33:B$43,$A53)
```

பாகுபாட்டுக்கு ராபர்ட் ஈபெல் என்ற அளவியல் அறிஞர் தந்த வரம்புகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன: 0.40 அல்லது அதற்கு மேல் மிக நல்ல கேள்வி, 0.30 முதல் 0.39 வரை நல்லது, 0.20 முதல் 0.29 வரை சுமார், அதற்குக் கீழே என்றால் பழுது பார்க்க வேண்டியது. ஆனால் 11 பேர் கொண்ட குழுவில் ஒரே ஒரு மாணவர் விடையை மாற்றினால் இந்த எண் 0.09 நகரும். 0.18, 0.27 இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஒரு பிள்ளைதான். அதனால் வகுப்பறைத் தேர்வில் இந்த வரம்புகளை எந்தக் கேள்வியை எடுத்துப் பார்க்கலாம் என்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள், தூக்கி எறிவதற்கு அல்ல.

மிக எளிய கேள்விகளிலும் எண் குறைவாகவே வரும், அதில் குற்றமில்லை. 40 பேரில் 38 பேர் சரியாக எழுதிய கேள்வியில் தவறியவர்கள் இருவர் மட்டுமே. அந்த இருவரும் கீழ்க் குழுவில் இருந்தால்கூடப் பாகுபாடு 0.18க்கு மேல் போகாது. அடிப்படையைச் சோதிக்கவென்றே வைத்த கேள்வியாக இருந்தால் அது இருக்கட்டும்.

படி 4: சந்தேகக் கேள்விகளை விசாரிப்பது

பாகுபாடு 0.20க்குக் கீழே வந்தவை, எதிர்க்குறியில் வந்தவை, கடினத்தன்மை 0.40 அல்லது அதற்கும் கீழே வந்தவை ஆகியவற்றைத் தனியே எழுதுங்கள். நம் தாளில் அவற்றில் மூன்றை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம்.

கேள்வி 3: கீழுள்ளவற்றில் பெரிய பின்னம் எது? (1) 3/8 (2) 2/5 (3) 5/12 (4) 4/9. விடைக்குறிப்பில் 2 என்று இருக்கிறது. அதைத் தேர்ந்தவர்கள் ஐந்தே பேர். மேல் குழுவில் ஒருவர்கூட இல்லை, கீழ்க் குழுவில் மூவர். பாகுபாடு −0.27. ஆனால் தெரிவுவாரி எண்ணிக்கையில் மேல் குழுவின் 11 பேரும் 4ஐ எடுத்திருக்கிறார்கள். நன்றாகப் படிப்பவர்கள் எல்லாரும் கூடிப் பேசினதுபோல ஒரே "தவறான" விடைக்குப் போனால் முதலில் விடைக்குறிப்பைப் பாருங்கள். 4/9 என்பது 0.44, 2/5 என்பது 0.40. தவறு குறிப்பில்தான். D3 கட்டத்தில் இருக்கும் அந்த எண்ணை வெறுமனே திருத்தினால் போதாது. மொத்த மதிப்பெண்கள் மாறும் என்பதால் மறுபடி அடுக்கி, குழுக்களைப் புதிதாகப் பிரிக்க வேண்டும். இந்த வகுப்பில் குழுக்கள் மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், திருத்திய பின் 28 பேர் சரி, கடினத்தன்மை 0.70, பாகுபாடு 0.73. தாளிலேயே சிறந்த கேள்விகளில் ஒன்று!

அதே கேள்வியில் இன்னொன்றும் கிடைக்கிறது. கீழ்க் குழுவில் ஐந்து பேர் 5/12ஐ எடுத்திருக்கிறார்கள். அதில்தான் தொகுதியும் பகுதியும் இரண்டுமே பெரிய எண்கள். எண் பெரிதாக இருந்தால் பின்னமும் பெரிது என்று நினைக்கும் பிள்ளைகள் அவர்கள்.

கேள்வி 21: ஒரு செவ்வகத்தின் நீளத்தை இரு மடங்காக்கினால் பரப்பளவு என்ன ஆகும்? (1) மாறாது (2) இரு மடங்கு (3) நான்கு மடங்கு (4) சொல்ல முடியாது. குறிப்பில் 2. மேல் குழுவில் நால்வர் 2 என்றும், ஆறு பேர் 4 என்றும், ஒருவர் 3 என்றும் எழுதியிருக்கிறார்கள். கீழ்க் குழுவில் ஏழு பேர் 2, மூவர் 3, ஒருவர் 4. மொத்தத்தில் 16 பேர் சரி. பாகுபாடு மறுபடி −0.27.

எண் முந்தையதைப் போலவே இருக்கிறது, காரணம் வேறு. விடைக்குறிப்பு சரிதான், கேள்விதான் முழுமையாக இல்லை. அகலம் மாறாமல் இருக்கிறது என்று எங்கும் சொல்லவில்லை. ஊன்றி வாசித்த மாணவர் "அகலம் தெரியாமல் எப்படிச் சொல்வது?" என்று யோசித்து 4ஐ எடுத்தார். மேலோட்டமாக வாசித்தவர் 2ஐ எடுத்து மதிப்பெண் வாங்கினார். கவனமாக இருந்ததற்காகவே மதிப்பெண் போவது அநியாயம். இந்தத் தேர்வில் 2, 4 இரண்டுக்கும் மதிப்பெண் கொடுத்துவிடலாம். அதைப் பட்டியல் வெளியாகும் முன்பே முடிவு செய்து, வகுப்பில் காரணத்தையும் சொல்லுங்கள். தலைப்புவாரிக் கணக்கிலிருந்து இந்தக் கேள்வி வெளியே. வினா வங்கியில் "அகலத்தை மாற்றாமல்" என்ற சொற்களைச் சேர்த்து வையுங்கள்.

கேள்வி 15: ஒரு பொருளின் விலை 20 சதவீதம் கூடி, பிறகு 20 சதவீதம் குறைகிறது. முதல் விலையோடு ஒப்பிட்டால் இப்போதைய விலை? (1) மாற்றமில்லை (2) 4 சதவீதம் குறைவு (3) 4 சதவீதம் கூடுதல் (4) 20 சதவீதம் குறைவு. சரியான விடை 2. எழுதியவர்கள் 12 பேர், கடினத்தன்மை 0.30. வெறும் சதவீதத்தைப் பார்க்கிறவர் இதைக் கெட்ட கேள்வி என்று அடித்துவிடுவார். பாகுபாட்டைப் பாருங்கள்: மேல் குழுவில் 7, கீழ்க் குழுவில் 1, அதாவது 0.55. கடினமான, ஆனால் உண்மையைச் சொல்லும் கேள்வி. தவறியவர்கள் எங்கே போனார்கள்? மேல் குழுவில் மிச்சம் நான்கு பேரும் 1க்கு. கீழ்க் குழுவில் ஒன்பது பேர் 1க்கு.

நான்கு தெரிவுகள் உள்ள கேள்வியில் குருட்டுத்தனமாக எழுதினாலே சுமார் 0.25 வரும். எனவே 0.30 என்றால் ஊகித்தார்களோ என்ற சந்தேகம் நியாயம். தவறான விடைகள் மூன்று தெரிவுகளிலும் பரவிக் கிடந்தால் அது ஊகம், ஒன்றுமே தெரியவில்லை என்று பொருள். இங்கே நடந்ததுபோல ஒரே தெரிவில் குவிந்திருந்தால் அது ஊகமில்லை. மாணவர்கள் ஒன்றைத் தெளிவாக, ஆனால் தப்பாக நம்புகிறார்கள். இந்த இரண்டுக்கும் பாடம் நடத்தும் முறையே வேறு.

எவருமே தொடாத தெரிவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். 5 சதவீதம் பேர்கூட எடுக்காத தெரிவு அங்கே இருந்தும் இல்லாததுபோலத்தான். அடுத்த முறை அந்த இடத்தில் மாணவர்கள் உண்மையில் செய்யும் தவறு ஒன்றை வையுங்கள்.

படி 5: இப்போதுதான் தலைப்புகள்

கெட்ட கேள்விகளின் தலைப்புக் கட்டத்தில் "நீக்கம்" என்று மாற்றிவிட்டு, தலைப்புச் சராசரியை எடுங்கள்:

```
=AVERAGEIF($B$2:$AE$2,"சதவீதம்",$B$45:$AE$45)
```

திருத்தும் முன் பின்னத்தின் சராசரி 60 சதவீதம், ஐந்து தலைப்புகளில் கடைசிக்கு முந்தைய இடம். கேள்வி 3ஐச் சரிசெய்ததும் கிட்டத்தட்ட 70. பரப்பளவு 67.5இலிருந்து 73 ஆகிவிட்டது. விகிதம் 66, சராசரி 64. சதவீதம் மட்டும் 49இல் அப்படியே நிற்கிறது. ஆறு கேள்விகள் உள்ள தலைப்பில் ஒரே ஒரு பழுதான கேள்வி எவ்வளவு தூரம் ஆட்டிவைக்கிறது பாருங்கள். ஒரு தலைப்பில் இரண்டே கேள்விகள் இருந்தால் அதைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

சரி, சதவீதம்தான் பலவீனம் என்று எழுதிவிடலாமா? இன்னும் கொஞ்சம் பொறுங்கள். அந்த ஆறு கேள்விகளில் சரியாக எழுதியவர்களின் எண்ணிக்கை 30, 26, 12, 14, 24, 11. இரண்டு கூட்டமாகப் பிரிகிறது. 30, 26, 24 வந்த மூன்றும் ஓர் எண்ணின் இத்தனை சதவீதம் எவ்வளவு என்று நேராகக் கேட்டவை. அவற்றில் வகுப்பு 67 சதவீதம் எடுத்திருக்கிறது. மற்ற மூன்றில் ஒன்று மேலே பார்த்த கேள்வி 15. இன்னொன்று, 10 சதவீதத் தள்ளுபடி போக விலை 360 என்றால் முதல் விலை என்ன என்பது. விடை 400, பலர் எழுதியது 396, அதாவது 360உடன் அதன் 10 சதவீதத்தைக் கூட்டியிருக்கிறார்கள். மூன்றாவது, 40 என்பது 50 ஆனால் 25 சதவீத உயர்வு, 50 மறுபடி 40 ஆனால் எத்தனை சதவீதக் குறைவு என்பது. விடை 20, பலர் எழுதியது 25. இந்த மூன்றிலும் சேர்த்து வகுப்பு எடுத்தது 31 சதவீதம்.

மூன்றிலும் தவறு ஒன்றுதான்: எதன் மீது சதவீதம் எடுக்கிறோம் என்பது மாறிவிட்டதை மாணவர்கள் கவனிப்பதில்லை. ஆக, சதவீதப் பாடம் முழுவதையும் மறுபடி நடத்த வேண்டியதில்லை. அடிப்படை அளவு மாறும் கணக்குகளுக்கு மட்டும் ஒன்றிரண்டு பாடவேளைகள் போதும். தலைப்புக்குள்ளே ஒரு படி இறங்கிப் பார்ப்பதால் மிச்சமாகும் நேரம் இது.

யாருக்கு நடத்துவது என்பதையும் குழு எண்ணிக்கையே சொல்கிறது. கேள்வி 15இல் மேல் குழுவிலேயே நான்கு பேர் சறுக்கியிருக்கிறார்கள், எனவே இது முழு வகுப்புக்கும். கேள்வி 3இல் மேல் குழு முழுதும் சரி, கீழ்க் குழுவில் மூவர் மட்டும். பின்ன ஒப்பீட்டை எல்லாருக்கும் திருப்பி நடத்தினால் பாதி வகுப்புக்குச் சலிப்புத்தான், தேவைப்படுகிற பிள்ளைகளை மட்டும் தனியே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள்.

தாளின் கடைசிப் பகுதியை மட்டும் தனியாகச் சோதிக்க வேண்டும். கேள்வி 30இல் ஒன்பது பேர் 0, அதாவது விடையே எழுதவில்லை. மதிப்பெண் கழிப்பு இல்லாத தேர்வில் யாரும் வேண்டுமென்றே காலியாக விடமாட்டார்கள், நேரம் போதவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். 40 பேரில் 20 பேர் சரி என்றால் 50 சதவீதம், எழுதிய 31 பேரில் 20 என்றால் 65. சராசரி என்ற தலைப்பு முழுக்கத் தாளின் கடைசியில் வந்ததால் அதன் எண் உண்மையைவிடக் குறைவாகத் தெரிகிறது. அடுத்த தேர்வில் தலைப்புகளைக் கலந்து வைத்தால் இந்தச் சிக்கல் வராது.

நெடுவினாக்கள் இருந்தால்

ஐந்து மதிப்பெண் கேள்விக்கும் இதே முறைதான். வகுப்பின் சராசரி மதிப்பெண்ணை 5ஆல் வகுத்தால் கடினத்தன்மை. மேல் குழுச் சராசரியிலிருந்து கீழ்க் குழுச் சராசரியைக் கழித்து 5ஆல் வகுத்தால் பாகுபாடு. ஆனால் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பதியாமல், எந்தப் படியில் மதிப்பெண் போனது என்பதையும் பதியுங்கள்: சமன்பாடு அமைத்ததிலா, கணக்கிட்டதிலா, அலகு எழுதியதிலா. தெரிவுவாரி எண்ணிக்கை செய்கிற வேலையை இங்கே அந்தப் படிகள் செய்யும்.

படி 6: மாணவரிடம் கேளுங்கள், பிறகு மறுபடி சோதியுங்கள்

எண்கள் சந்தேகத்தைத்தான் தரும், உறுதிப்படுத்துவது மாணவரின் வாய்ச்சொல். ஒரே தவறான விடையை எழுதிய மூன்று நான்கு பேரைத் தனித்தனியே கூப்பிட்டு, "இதை எப்படிப் போட்டாய், சொல்லு பார்ப்போம்" என்று மட்டும் கேளுங்கள். தவறு என்று முகத்தில்கூடக் காட்டாதீர்கள். "இருபது ஏத்தி இருபது இறக்கினா பழையபடிதானே சார்" என்று வந்தால் நம் ஊகம் சரி. "கூடுதல்னு படிச்சேன்" என்று வந்தால் பிரச்சினை கணக்கில் இல்லை, வாசிப்பில் இருக்கிறது.

மறுபடி நடத்தும்போது 100இல் தொடங்கி 120, அதிலிருந்து 24 குறைந்து 96 என்று பலகையில் எழுதி, 24 எங்கிருந்து வந்தது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து மூன்று கேள்விகள் கொண்ட குறுந்தேர்வு போதும். எண்கள் வேறு, சூழல் வேறு, ஆனால் தவறான தெரிவுகளில் பழைய நம்பிக்கைக்கு இடம் இருக்க வேண்டும். 30 சதவீதம் கூடி 30 சதவீதம் குறைந்தால் என்ன ஆகும் என்று கேட்டு, "மாற்றமில்லை" என்பதைத் தெரிவுகளில் விட்டுவையுங்கள். சரியான விடை 9 சதவீதம் குறைவு. எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்பதோடு, "மாற்றமில்லை"யை இன்னும் எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்பதையும் எண்ணுங்கள். சரியான விடைகள் கூடி, அந்த எண்ணிக்கை அப்படியே இருந்தால், முன்பு ஊகித்தவர்கள்தான் தேறியிருக்கிறார்கள், தப்பாக நம்பியவர்கள் இன்னும் அங்கேயே நிற்கிறார்கள். அவர்களுக்கு அதே விளக்கத்தை மூன்றாம் முறை சொல்லாதீர்கள். 120இன் 20 சதவீதத்தையும் 100இன் 20 சதவீதத்தையும் அவர்கள் கையாலேயே பக்கத்தில் பக்கத்தில் கணக்கிட வையுங்கள்.